ஒரே சோளக்காடு, மூன்று நஞ்சுகள்

மேயப் போன மாடு அரை மணி நேரத்தில் காட்டிலேயே விழுந்து செத்தால், பாம்பு கடித்திருக்கும் என்பதுதான் ஊரில் முதலில் எழும் பேச்சு. அடுத்து, யாரோ வேண்டாதவர்கள் விஷம் வைத்துவிட்டார்கள் என்ற சந்தேகம் கிளம்பும். அந்த மாடு கடைசியாக வாய் வைத்தது முழங்கால் உயரத்துக்குத் துளிர்த்து நின்ற சோளப்பயிரில் என்பது பலருக்கும் உறைப்பதில்லை. உறைத்தாலும், "நாமும்தான் சோளத்தட்டு காலங்காலமாகப் போடுகிறோம், எந்த மாடு செத்தது?" என்று கேட்டு ஒதுக்கிவிடுவார்கள்.

கேள்வி நியாயமானது. முற்றிக் காய்ந்த சோளத்தட்டு நல்ல தீவனம். அதே செடி இளசாக இருக்கும்போதும், வறட்சியில் வாடும்போதும், அளவுக்கு மீறி யூரியா வாங்கிய பிறகும் வேறு பொருளாகிவிடுகிறது. அதிலிருந்து மாட்டுக்கு இரண்டு வகை நஞ்சு வரலாம்: ஒன்று சைனைடு, மற்றொன்று நைட்ரேட். மூன்றாவது நஞ்சு செடியில் இல்லை, அந்தப் பயிருக்குப் போட வாங்கி வைத்த யூரியா மூட்டையில் இருக்கிறது. மூன்றுக்கும் மருந்து உண்டு. ஆனால் ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது. சைனைடுக்குப் போடும் ஊசிகளில் ஒன்று, நைட்ரேட் தாக்கிய மாட்டைக் கொன்றேவிடும். எந்த நஞ்சு என்று கண்டுபிடிப்பதில்தான் மாட்டின் உயிர் இருக்கிறது.

மறுதாம்பில் நுழைந்த மாடு

கொங்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றை மனதில் வைத்துக்கொள்வோம். அரை ஏக்கரில் தீவனச் சோளம், பலமுறை அறுக்கக்கூடிய கோ.எப்.எஸ். 29 ரகம். முதல் அறுப்பு முடிந்ததும் மேலுரமாக யூரியா போட்டுத் தண்ணீர் கட்டினார்கள். பிறகு கிணறு வற்றியது, மூன்று வாரம் மழை இல்லை. மறுதாம்பு முழங்கால் உயரத்தோடு நின்று வாடியது. ஒரு மாலை மழை பெய்தது. இரண்டே நாளில் அடிக்கட்டையிலிருந்து கரும்பச்சையாகப் புதுக்குருத்து கிளம்பியது. வரப்போரம் கட்டியிருந்த, 350 கிலோ எடையுள்ள கறவை மாடு தும்பை அறுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தது.

சோளச் செடியின் உயிரணுக்களில் டூரின் என்ற பொருள் இருக்கிறது. அது தனியாக இருக்கும்வரை தீங்கில்லை. அதைப் பிளக்கும் நொதி அதே செடியில் வேறோர் இடத்தில் அடைபட்டிருக்கிறது. மாடு மெல்லும்போது இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சைனைடு வெளியாகிறது. அசைபோடும் மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் இந்த வேலையை இன்னும் வேகப்படுத்துகின்றன. பூச்சியும் விலங்கும் இளம்பயிரை அழித்துவிடாமல் இருக்கச் செடி வைத்திருக்கும் காவல் இது. அதனால்தான் குருத்திலும் இளந்தளிரிலும் டூரின் அதிகம், தண்டில் குறைவு, பயிர் முற்ற முற்றக் குறைந்துகொண்டே போகும். வறட்சியில் வளர்ச்சி நின்ற பயிரிலும், வறட்சிக்குப் பின் மழையில் கிளம்பும் துளிரிலும், தழைச்சத்து மிகுந்த பயிரிலும் அது ஏறுகிறது. நம் தோட்டத்தில் இந்த மூன்றும் ஒன்றாகக் கூடிவிட்டன.

மாட்டின் உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 2 மில்லிகிராம் சைனைடு வேகமாக உள்ளே போனால் உயிருக்கு ஆபத்து. 350 கிலோ மாட்டுக்கு 700 மில்லிகிராம். பச்சைப்பயிர் ஒரு கிலோவில் 200 மில்லிகிராம் இருந்தாலே அது ஆபத்தான பயிர் என்பது கணக்கு. அப்படியானால் மூன்றரைக் கிலோ குருத்து போதும். ஒரு நாளைக்கு 25 கிலோ பசுந்தீவனம் தின்னும் மாட்டுக்கு, பசியோடு இருந்தால், மூன்றரைக் கிலோ சில நிமிட வேலை. இதே அளவு சைனைடு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் உடலே அதை முறித்து வெளியேற்றிவிடும். ஆகவே தின்ற அளவைப் போலவே தின்ற வேகமும் கொல்கிறது. பட்டினி கிடந்த மாடு முதலில் விழுவது இதனால்தான்.

பத்துப் பதினைந்து நிமிடத்தில் மாடு தலையைத் தூக்கி வேகமாக மூச்சு வாங்கும். வாயில் நீர் ஒழுகும், கால் பின்னும், உடல் நடுங்கும், கீழே விழுந்து வெட்டி இழுக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் சில நிமிடங்களிலிருந்து இரண்டொரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அப்போது ஈற்றையும் கண்ணின் உள்ளிமையையும் பார்த்தால் வழக்கத்தைவிட நல்ல சிவப்பாக இருக்கும். மூச்சுத் திணறிச் சாகும் மாட்டின் ரத்தம் எப்படி இவ்வளவு சிவப்பாக இருக்கிறது? ரத்தத்தில் பிராணவாயு நிறைந்துதான் இருக்கிறது. உயிரணுக்கள் அதை எடுத்துப் பயன்படுத்தும் இடத்தைச் சைனைடு அடைத்துவிட்டது. வாங்குவார் இல்லாமல் பிராணவாயு ரத்தத்திலேயே சுற்றி வருகிறது.

சிவப்பு மாறிப் பழுப்பாகும் ரத்தம்

அதே தோட்டத்தில் இன்னொரு விதமாகவும் நடக்கலாம். மாடு உள்ளே போகவில்லை. பயிர் மார்பு உயரம் வந்துவிட்டது. தாராளமாக யூரியா வாங்கிய பயிர். ஒரு வாரமாக வானம் மூடியே கிடக்கிறது. காலை 7 மணிக்கு அடியோடு அறுத்து, வெட்டிக் கட்டுத்தறியில் போடுகிறார்கள். மாடுகள் நன்றாகத் தின்கின்றன. 10 மணிக்கு மேல் ஒரு மாடு தள்ளாடுகிறது, இன்னொன்று படுத்தால் எழுவதில்லை. பால் கறக்க வந்தவருக்கு ஈறும் மடிக்காம்பும் சாம்பல் பூத்தாற்போலத் தெரிகின்றன.

இது நைட்ரேட். யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறி வேர் வழியே செடிக்குள் போகிறது. இலை, வெயிலின் துணையோடு, அதைப் புரதமாக மாற்ற வேண்டும். வெயில் இல்லை என்றாலோ, வறட்சியில் இலை ஓய்ந்திருந்தாலோ, வேர் இழுத்த நைட்ரேட் மாறாமல் தண்டில் தங்குகிறது. அதுவும் அடித்தண்டில்தான் அதிகம். வறட்சிக்குப் பின் முதல் மழை பெய்ததும் வேர் திடீரென நிறைய இழுக்கும்; இலை அதற்கு ஈடுகொடுக்காது. சோளம் மட்டுமல்ல, மக்காச்சோளம், கம்பு, கம்பு நேப்பியர் புல், வயலில் முளைக்கும் கீரைக் களைகள் எல்லாமே இப்படி நைட்ரேட்டைச் சேர்த்துவைக்கும். சாக்கடைத் தண்ணீரோ சாணக்குழித் தண்ணீரோ பாயும் புல் தோட்டங்களிலும் இதே ஆபத்து உண்டு. உலர்ந்த எடையில் நைட்ரேட் அரை சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் கவலையில்லை. ஒரு சதவீதத்தைத் தாண்டினால் நஞ்சு.

மாட்டின் வயிற்றில் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அம்மோனியாவாகவும் மாற்றுகின்றன. முதல் படி வேகமாக நடக்கும், இரண்டாம் படி மெதுவாக. அளவு அதிகமானால் நடுவில் நைட்ரைட் தேங்கி ரத்தத்துக்குள் போகிறது. அங்கே அது சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினை, பிராணவாயுவைச் சுமக்க முடியாத மெட்ஹீமோகுளோபினாக மாற்றிவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கு அப்படி மாறினால் மாடு மூச்சு வாங்கத் தொடங்கும். ஐந்தில் நான்கு பங்கு மாறினால் பிழைக்காது. ரத்தம் சாக்லேட் நிறத்தில், கெட்டிப் பழுப்பாக வரும். ஈறும் உள்ளிமையும் நீலம் கலந்த பழுப்பாகத் தெரியும். அரை மணியிலிருந்து நான்கு மணி நேரம் கழித்துத்தான் அறிகுறிகள் தொடங்கும் என்பதால் தின்ற தீவனத்தையும் விழுந்த மாட்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. தப்பிய சினைமாடுகள் சில நாள் கழித்துக் கன்று வீசுவதும் உண்டு.

ஒன்றின் மருந்து மற்றொன்றின் நஞ்சு

சைனைடுக்குக் கால்நடை மருத்துவர் இரண்டு மருந்துகளை அடுத்தடுத்து ரத்தக்குழாயில் செலுத்துவார். முதலில் சோடியம் நைட்ரைட், உடனே சோடியம் தயோசல்பேட். முதல் மருந்து செய்யும் வேலை விசித்திரமானது. ஹீமோகுளோபினில் ஒரு பகுதியை அது வேண்டுமென்றே மெட்ஹீமோகுளோபினாக மாற்றுகிறது. உயிரணுக்களைப் பிடித்திருக்கும் சைனைடு அவற்றை விட்டு இந்த மெட்ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு தயோசல்பேட் கந்தகத்தைக் கொடுத்து, சைனைடை அதிகத் தீங்கில்லாத தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். வயிற்றில் மிச்சம் இருக்கும் சோளத்திலிருந்து சைனைடு வந்துகொண்டே இருக்கும். அதற்காக 30 கிராம் தயோசல்பேட்டைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாக வயிற்றுக்குள்ளும் விடுவார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பவும் கொடுப்பது உண்டு.

நைட்ரேட் நஞ்சுக்கு மருந்து மெத்திலின் நீலம். ஒரு சதவீதக் கரைசலாக மெதுவாக ரத்தக்குழாயில் ஏற்றினால் அது மெட்ஹீமோகுளோபினைத் திரும்ப ஹீமோகுளோபினாக மாற்றுகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 8 மில்லிகிராம் என்று வைத்தால், நம் 350 கிலோ மாட்டுக்கு 2.8 கிராம், அதாவது 280 மில்லி கரைசல். குணம் தெரியாவிட்டால் அரை மணி கழித்து மீண்டும் ஏற்றுவார்கள். மாட்டின் சிறுநீர் சிறிது காலம் நீலமும் பச்சையுமாகப் போகும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பாலை எத்தனை நாள் ஊற்றக் கூடாது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது குழப்பம் எங்கே வருகிறது என்று தெரியும். நைட்ரேட் தாக்கிய மாட்டின் ரத்தத்தில் ஏற்கெனவே மெட்ஹீமோகுளோபின் அளவுக்கு மீறி இருக்கிறது. "சோளம் தின்றது" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அதற்குச் சோடியம் நைட்ரைட் போட்டால், அந்த நஞ்சையே இன்னும் கொஞ்சம் ஊற்றியது போலாகும். ஆகவே அனுபவமுள்ள மருத்துவர் ஊசியைக் கையில் எடுக்கும் முன் ரத்தத்தின் நிறத்தைப் பார்ப்பார். பளிச்சென்ற சிவப்பு என்றால் சைனைடு, சாக்லேட் பழுப்பு என்றால் நைட்ரேட். நிறம் தெளிவாகத் தெரியாதபோது தயோசல்பேட்டில் தொடங்கலாம். தனியாகவே அது சைனைடை முறிக்கும். நைட்ரேட் மாட்டுக்கும் அது கெடுதல் செய்யாது.

நிறத்துக்கும் ஒரு காலக்கெடு உண்டு. சைனைடில் தொடக்கத்தில் சிவந்திருக்கும் ரத்தம், மூச்சு அடங்கும் நேரத்தில் கறுத்துவிடும். மாடு செத்துச் சில மணி நேரம் ஆனால் நைட்ரேட்டின் பழுப்பு நிறமும் மாறிப்போகும். எனவே மருத்துவர் வரும் முன்பே நீங்கள் ஈற்றின் நிறத்தைப் பார்த்து வைத்துச் சொன்னால், கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால், அது பெரிய உதவி.

மூட்டையிலிருந்து வரும் நஞ்சு

யூரியா நஞ்சில் நிறத்தைத் தேட வேண்டியதில்லை. 45 கிலோ மூட்டையைப் பிரித்துப் பாதி போட்டு, மீதியைக் கட்டுத்தறி மூலையில் சாய்த்து வைத்தார்கள். அல்லது யூரியா கரைத்த வாளியைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் விட்டுவிட்டார்கள். மாடு உப்பென்று நக்கிவிட்டது. அந்த யூரியா வயிற்றில் சட்டென்று அம்மோனியாவாக உடைகிறது. அளவு மிஞ்சினால் வயிற்றின் அமிலத்தன்மை போய்க் காரத்தன்மை ஏறுகிறது. காரம் ஏறினால் அம்மோனியா ரத்தத்துக்குள் வேகமாகக் கசிகிறது. பழக்கமில்லாத 350 கிலோ மாட்டுக்கு 100 கிராம் சொச்சமே நோய் தரும். அது ஒரு டம்ளர்கூட நிறையாது. 350 கிராமுக்கு மேல் போனால் உயிருக்கு ஆபத்து.

பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் காதும் முகத்துச் சதையும் துடிக்கும். வாயில் நுரை தள்ளும், பல்லைக் கடிக்கும், வயிற்றை உதைத்துக்கொள்ளும், இடது பக்கப் பள்ளம் உப்பி மேடாகும், கத்தும், விழுந்து வெட்டி இழுக்கும். ஈற்றில் அந்தச் சிவப்போ பழுப்போ இருக்காது. வாயருகே மூக்கை வைத்தால் அம்மோனியா நெடி அடிக்கலாம்.

இதற்கு மருந்து அமிலமும் குளிர்ந்த நீரும். ஐந்து சதவீத வினிகர் 2 முதல் 6 லிட்டர் வரை, அதோடு 20 லிட்டருக்கும் மேல் குளிர்ந்த தண்ணீர். வினிகர் காரத்தை முறித்து, அம்மோனியா ரத்தத்துக்குள் போவதைத் தடுக்கிறது. குளிர்நீர் யூரியாவை உடைக்கும் நொதியின் வேகத்தைக் குறைத்து, வயிற்றில் இருப்பதை நீர்க்கச் செய்கிறது. சில மணி நேரம் கழித்து அறிகுறி திரும்பினால் மறுபடியும் கொடுக்க வேண்டும். மூன்று நஞ்சுகளில் வீட்டிலேயே தொடங்கக்கூடிய மருந்து இது ஒன்றுதான். ஆனால் மாடு நின்றுகொண்டு, தானே விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டுமே வாயில் ஊற்றலாம். நுரை தள்ளி இழுத்துக்கொண்டிருக்கும் மாட்டின் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குத்தான் போகும். அந்த நிலையில் வயிற்றுக்குள் குழாய் விட மருத்துவர்தான் வேண்டும். உப்புசம் முற்றினால் இடது பள்ளத்தில் துளையிட்டு வாயுவை இறக்குவதும் அவர் வேலை.

மருத்துவர் வரும்வரை

முதல் வேலை, மிச்சத் தீவனத்தை எல்லா மாடுகளின் முன்னாலிருந்தும் எடுப்பது. விழுந்த மாட்டைக் கவனிக்கும் பதற்றத்தில் மற்றவை தின்றுகொண்டே இருக்கும். இரண்டாவது, 1962 என்ற கால்நடை அவசர எண்ணையோ பக்கத்து மருத்துவரையோ அழைத்து நான்கு செய்திகளைச் சொல்வது: என்ன தின்றது, எத்தனை மணிக்குத் தின்றது, அந்தப் பயிருக்கு எப்போது எவ்வளவு யூரியா போட்டீர்கள், ஈறு என்ன நிறம். தயோசல்பேட்டும் மெத்திலின் நீலமும் எல்லா வண்டியிலும் தயாராக இருக்கும் என்று சொல்ல முடியாது. "சோளம் தின்றது, ஈறு நல்ல சிவப்பு" என்று முன்பே தெரிந்தால் அவர் எடுத்துக்கொண்டு வருவார்.

மூன்றாவது, மாட்டை நடத்தாமல், விரட்டாமல், நிழலில் அப்படியே விடுவது. பிராணவாயு கிடைக்காத உடம்புக்கு நாலு எட்டு நடப்பதே கடைசி அடியாகலாம். எண்ணெய், வெல்லத் தண்ணீர், மிளகுக் கஷாயம் என்று புகட்டுவதால் ரத்தத்தில் ஏறிவிட்ட சைனைடும் நைட்ரைட்டும் முறியாது, நேரம்தான் போகும். தின்ற பயிரில் ஒரு கைப்பிடியைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபெட்டியில் வையுங்கள். சைனைடு ஆவியாகிப் போய்விடும் பொருள் என்பதால் திறந்து வைத்த மாதிரி பரிசோதனைக்கு உதவாது.

அறுக்கும் முன்

தீவனச் சோளத்தைப் பாதிக்கு மேல் பூ எடுத்த பிறகு அறுப்பதே சைனைடுக்கு எதிரான பெரிய காப்பு. மறுதாம்பில் மாட்டை அவிழ்த்துவிடக் கூடாது. வறட்சிக்குப் பின் மழை பெய்தால் இரண்டு வாரமாவது காத்திருக்க வேண்டும். நன்றாகக் காயவைத்தால் சைனைடு பெருமளவு போய்விடும். ஆனால் நைட்ரேட் காய்ந்தாலும் போகாது. காய்ந்த தட்டிலும் அப்படியே இருக்கும். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, "காயவைத்துத்தானே போட்டோம்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். நைட்ரேட் சந்தேகம் இருந்தால் அடியில் ஒரு சாண் தண்டை விட்டு அறுங்கள். மூடிய வானத்தில் காலையில் அறுக்காமல், வெயில் அடித்த நாளின் பிற்பகலில் அறுங்கள். ஊறுகாய்ப்புல்லாகப் பதப்படுத்தினால் நைட்ரேட் ஓரளவு குறையும். எந்தச் சோளமானாலும் முதலில் வைக்கோலைத் தின்னவிட்டு, பிறகு கலந்து போடுவது பசியின் வேகத்தை உடைக்கும்.

வைக்கோலை யூரியா சேர்த்துச் சத்தாக்குவதும் நல்ல முறைதான். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, தண்ணீரில் முழுதாகக் கரைத்துத் தெளித்து, மூடி 21 நாள் வைக்க வேண்டும். கட்டியாகக் கரையாமல் விட்ட இடமும், நெடி போகும்வரை ஆறவிடாமல் போட்ட கத்தையும்தான் ஆபத்து. ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு யூரியா எந்த வடிவிலும் கூடாது.

கோடை முடிந்து முதல் மழை விழும் முன் இரண்டு வேலைகளை முடித்து வையுங்கள். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் சோடியம் தயோசல்பேட்டும் மெத்திலின் நீலமும் இருப்பில் உள்ளனவா என்று கேளுங்கள். இல்லையென்றால் பால் கூட்டுறவுச் சங்கம் மூலமாக வாங்கி வைக்கச் சொல்லுங்கள். கட்டுத்தறியில் ஐந்து லிட்டர் வினிகரை வையுங்கள், யூரியா மூட்டையை அங்கிருந்து எடுத்துக் கதவுள்ள அறைக்கு மாற்றுங்கள்.